கழிவு வீதம் ஏறினால் என்.பி.வி எவ்வளவு விழும்? டியூரேஷனை வைத்துக் கணக்கிடும் முழு வழி

தலவாக்கலைப் பக்கம் வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதும் சில பேருக்கு நான் கணக்குப் பார்த்துக் கொடுப்பதுண்டு. எல்லாரும் தேறிய தற்போதைய பெறுமதியை, அதாவது என்.பி.வியை, ஒழுங்காகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். வருங்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்குச் சுருக்கும் கழிவு வீதத்தைப் பற்றி, "வீதம் இரண்டு சதவீதப் புள்ளி ஏறினால் என்ன ஆகும்?" என்று வங்கியில் கேட்டதும்தான் தடுமாற்றம். பாதிப் பேர் "கொஞ்சம் குறையும்" என்கிறார்கள், மீதிப் பேர் ஏதோ ஒரு சதவீதத்தை என்.பி.வியோடு பெருக்கிவிட்டு வருகிறார்கள். இரண்டும் சரியில்லை.

இங்கே இரண்டு திட்டங்களை எடுத்து முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். ஒன்று பொலித்தீன் கூடாரம் போட்டுக் குடைமிளகாய் வளர்ப்பது, மற்றது பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மீள்நடுகை செய்வது. தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் காணிக்கு உங்கள் தொகைகளைப் போடுங்கள்.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விஷயம் போதும். ஆண்டு வாரியாகச் செலவு, ஆண்டு வாரியாக வரவு, அப்புறம் ஒரு அடிப்படைக் கழிவு வீதம். இங்கே 12 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்த வீதத்தை வங்கியின் கடன் வட்டியிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் சொந்தப் பணமும் இதில் போகிறது, அதற்கும் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. அதைவிட முக்கியம், வரவுத் தொகைகளில் எதிர்கால விலையேற்றத்தைச் சேர்த்திருக்கிறீர்களா இல்லையா என்று முதலிலேயே ஒரு வரி எழுதி வைப்பது. இது 7ஆம் படியில் நம்மைத் தேடி வரும்.

## 2. செலவையும் வரவையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள்

பெரும்பாலானோர் இரண்டையும் கழித்து ஒரே தேறிய காசுப் பாய்ச்சலாக எழுதுகிறார்கள். என்.பி.விக்கு அது போதும், பணம் சராசரியாக எந்த ஆண்டில் வருகிறது என்று சொல்லும் டியூரேஷனுக்குப் போதாது. செலவு முன்னால் வருகிறது, வரவு பின்னால் வருகிறது. வீதம் ஏறும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கும், ஆகவே இரண்டையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

நம் இரண்டு திட்டங்கள், ஆயிரம் ரூபாய்க் கணக்கில்:

| ஆண்டு | கூடாரம்: செலவு | கூடாரம்: வரவு | தேயிலை: செலவு | தேயிலை: வரவு |
|---|---|---|---|---|
| 0 | 1000 | – | 600 | – |
| 1 | – | 400 | 250 | – |
| 2 | – | 400 | 220 | – |
| 3 | – | 400 | – | – |
| 4 | – | 400 | – | 100 |
| 5 | – | – | – | 200 |
| 6 முதல் 12 வரை, ஆண்டுக்கு | – | – | – | 400 |

தேயிலையில் வரவு ஏன் இவ்வளவு தள்ளிப் போகிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய செடியைப் பிடுங்கிய பிறகு மண்ணைத் தேற்ற மானா அல்லது கௌதமாலாப் புல்லைப் போட்டு 18 முதல் 24 மாதம் விட வேண்டும், அப்புறம்தான் கன்று நடுவது, அதற்கும் பிறகுதான் கொழுந்து. மூன்றாம் ஆண்டை எளிமைக்காகப் பூச்சியமாக விட்டிருக்கிறேன். வரவு நிரலில் இருப்பது பறிப்புக் கூலியும் பசளைச் செலவும் போன மிச்சம்.

மானியம் கிடைக்குமென்றால் அது கையில் வரும் ஆண்டில் எழுதுங்கள். விண்ணப்பம் கொடுத்த ஆண்டில் எழுதினால் தேதி மாறிப்போகும், இந்தக் கணக்கு முழுக்கத் தேதியின் கணக்கு.

## 3. அடிப்படை வீதத்தில் தற்போதைய பெறுமதி

ஒவ்வொரு தொகையையும் 1.12இன் அந்தந்த ஆண்டு அடுக்கால் வகுத்துக் கூட்டினால் இப்படி வரும்.

கூடாரம்: வரவின் தற்போதைய பெறுமதி 1214.9, செலவு 1000, என்.பி.வி 214.9.

தேயிலை: வரவின் தற்போதைய பெறுமதி 1212.9, செலவு 998.6, என்.பி.வி 214.3.

தொகைகளை வேண்டுமென்றே இப்படிப் பொருத்தினேன். 12 சதவீதத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, இரண்டும் ஏறக்குறைய 2 இலட்சத்து 14 ஆயிரம் ரூபாய் தருகின்றன. என்.பி.வியை மட்டும் பார்ப்பவர் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்பார்.

எக்செல்லில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. `NPV` என்ற சூத்திரம் முதல் தொகையை ஓராண்டு முடிவில் வருவதாக எடுத்துக்கொள்ளும். பூச்சிய ஆண்டுச் செலவையும் அதற்குள் போட்டால் முழுத் திட்டமும் ஓராண்டு தள்ளிப்போய்விடும். அதே மாதிரி `DURATION` என்று ஒரு சூத்திரம் இருக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள். அது கூப்பன் கொடுக்கும் பிணைமுறிக்கானது, ஆண்டுக்கு ஆண்டு மாறும் திட்ட வரவுக்கு உதவாது. கையாலேயே எழுதிவிடலாம்.

A நிரலில் ஆண்டு 0 முதல் 12 வரை ஒவ்வொன்றும் ஒரு வரியாக, B செலவு, C வரவு, H1இல் வீதம்:

```
D2: =1/(1+$H$1)^A2
H2: =SUMPRODUCT(C2:C14,D2:D14)
H3: =SUMPRODUCT(A2:A14,C2:C14,D2:D14)/H2
H4: =SUMPRODUCT(B2:B14,D2:D14)
H5: =SUMPRODUCT(A2:A14,B2:B14,D2:D14)/H4
H6: =(H2*H3-H4*H5)/(1+H1)*0.01
```

D2ஐ D14 வரை இழுத்துவிடுங்கள். H2உம் H4உம் வரவு, செலவின் தற்போதைய பெறுமதிகள், H2இலிருந்து H4ஐக் கழித்தால் என்.பி.வி. மற்ற மூன்றும் அடுத்த இரண்டு படிகளுக்கு.

## 4. டியூரேஷன்: பணம் சராசரியாக எப்போது வருகிறது

எட்டாம் ஆண்டில் வரும் ஒரு ரூபாய் எட்டுத் தடவை வகுபட்டு இன்றைக்கு வருகிறது. ஆகவே வீதம் ஒரு புள்ளி ஏறினால் அந்த ரூபாய் எட்டுத் தடவை அடி வாங்கும். முதல் ஆண்டு ரூபாய் ஒரே ஒரு தடவை. எல்லாத் தொகைகளுக்கும் சேர்த்து எத்தனை அடி என்று கேட்டால், ஒவ்வொரு ஆண்டு எண்ணுக்கும் அந்த ஆண்டுத் தொகையின் தற்போதைய பெறுமதியை எடையாக வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். அந்தச் சராசரிதான் டியூரேஷன், H3இல் வருவது.

கூடாரத்தின் வரவுக்கு 2.36 ஆண்டு. தேயிலையின் வரவுக்கு 7.98 ஆண்டு. தேயிலையின் செலவுக்கு 0.57 ஆண்டு, ஏனென்றால் அதுவும் மூன்று தவணையாகப் போகிறது. கூடாரச் செலவு முழுவதும் இன்றைக்கே, அதனால் அதன் டியூரேஷன் பூச்சியம்.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு, இன்றைய பெறுமதிக்குச் சுருக்காத ரூபாயை எடையாக வைப்பது. தேயிலையின் 12ஆம் ஆண்டு 400 இன்றைக்கு 103தான். 400 என்றே எடை வைத்தால் பின்னால் இருக்கும் ஆண்டுகள் தேவைக்கு மேல் பாரமாகி டியூரேஷன் உயர்ந்து வரும்.

இன்னொன்று, இதைப் போட்ட முதல் திரும்பக் கிடைக்கும் காலத்தோடு குழப்புவது. போட்ட பணம் எப்போது திரும்பி வருகிறது என்று பார்ப்பவர் அதோடு நிறுத்திவிடுகிறார், அதற்குப் பிறகு வரும் பணத்தைப் பார்ப்பதில்லை. டியூரேஷன் கடைசி ரூபாய் வரை பார்க்கும்.

## 5. ரூபாயில் வீழ்ச்சி

டியூரேஷனை 1.12ஆல் வகுத்தால் திருத்திய டியூரேஷன். வீதம் ஒரு புள்ளி ஏறினால் தற்போதைய பெறுமதி எத்தனை சதவீதம் விழும் என்பதை அது ஏறக்குறையச் சொல்லும். கூடார வரவுக்கு 2.11, தேயிலை வரவுக்கு 7.13, தேயிலைச் செலவுக்கு 0.51.

இனி ரூபாய்க்கு மாற்றுங்கள். கூடாரத்தில் 1214.9இன் 2.11 சதவீதம், அதாவது ஒரு புள்ளிக்கு 25.6 ஆயிரம் வீழ்ச்சி. தேயிலையில் வரவு 86.4 விழும், ஆனால் பிந்திய ஆண்டுகளில் வரும் செலவுகளும் கொஞ்சம் மலிவாகி 5.1ஐத் திருப்பிக் கொடுக்கும். மிச்சம் ஒரு புள்ளிக்கு 81.3 ஆயிரம். H6இல் வருவது இதுதான்.

ஒரே என்.பி.வி, ஆனால் ஒரு புள்ளிக்கு ஒன்று 26 ஆயிரம் இழக்கிறது, மற்றது 81 ஆயிரம் இழக்கிறது. வங்கியில் கேட்கும் கேள்விக்குப் பதில் இந்த வரியில் இருக்கிறது.

## 6. சதவீதமாகச் சொல்லப் போகிறீர்களா? நில்லுங்கள்

அதிகம் பேர் விழும் குழி இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

திருத்திய டியூரேஷன் 7.13 என்றதும் "ஒரு புள்ளிக்கு என்.பி.வி 7.13 சதவீதம் விழும், 214இல் 15 ஆயிரம்" என்று எழுதிவிடுகிறார்கள். விழப்போவது 81 ஆயிரம்! அந்த 7.13 சதவீதம் வரவின் மொத்தப் பெறுமதியான 1212.9 மேல் பட வேண்டியது. என்.பி.வி என்பது அந்தப் பெரிய தொகையிலிருந்து செலவைக் கழித்த பிறகு மிஞ்சும் மெல்லிய துண்டு. மேலே விழும் அடி முழுவதையும் அந்தத் துண்டுதான் தாங்க வேண்டும். 81.3ஐ 214.3ஆல் வகுத்தால் 38 சதவீதம். கூடாரத்துக்கு அதே கணக்கில் 12 சதவீதம்.

போன மாதம் ஒரு தம்பி தாளைக் கொண்டுவந்து, "அண்ணா, பன்னிரண்டு வருசத் திட்டத்துக்கு டியூரேஷன் நாற்பத்திரண்டு வருசம் வருது, எங்க பிழை?" என்று கேட்டார். எக்செல்லில் பிழை ஒன்றும் இல்லை. செலவையும் வரவையும் ஒரே நிரலில் கழித்துவிட்டு என்.பி.வியால் வகுத்திருந்தார். நம் தேயிலைக்கும் அப்படிச் செய்தால் 42.5 வரும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த எண் முழுப் பொய்யும் இல்லை. 42.5ஐ 1.12ஆல் வகுத்தால் 38, மேலே வந்த அதே சதவீதம். அதை ஆண்டு என்று வாசித்ததுதான் பிழை. ஆனாலும் அறிக்கையில் அதைப் போடாதீர்கள். என்.பி.வி பூச்சியத்தை நெருங்கும்போது வகுக்கும் எண் சிறுத்து அது நூறாகும், ஆயிரமாகும், என்.பி.வி எதிர்க்கணியமானால் குறியே மாறிவிடும். ரூபாய் வீழ்ச்சிக்கு அந்தப் பைத்தியம் பிடிக்காது. நான் எப்போதும் ரூபாயைத்தான் முதலில் எழுதுவேன்.

சதவீதம் ஏமாற்றும் இன்னொரு இடமும் உண்டு. தேயிலை 12 ஆண்டோடு நின்றுவிடாதே என்று ஒருவர் 20ஆம் ஆண்டு வரை அதே 400ஐ நீட்டினார் என்று வைப்போம். என்.பி.வி 724க்கு ஏறும், ஒரு புள்ளிக்கான வீழ்ச்சி 38 சதவீதத்திலிருந்து 21க்கு இறங்கும். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரவின் டியூரேஷன் 10.3 ஆகிவிட்டது, ரூபாய் வீழ்ச்சி 81இலிருந்து 154 ஆயிரமாகக் கூடிவிட்டது. நீட்டிய அந்த ஆண்டுகளின் விளைச்சல் உங்கள் கணிப்பிலேயே மிகப் பலவீனமான பகுதி, வீதத்துக்கு அதிகம் ஆடுவதும் அதே பகுதி.

## 7. மறுபடி முழுக் கணக்கைப் போட்டுச் சரிபாருங்கள்

டியூரேஷன் தருவது நேர்கோட்டு மதிப்பீடு. உண்மையில் என்.பி.வி வளைந்து இறங்கும், வீதம் ஏற ஏற வீழ்ச்சி மெல்ல மெல்லக் குறையும். எனவே H1இல் புது வீதத்தைப் போட்டு ஒப்பிடுங்கள்.

14 சதவீதத்தில் கூடாரத்துக்கு மதிப்பீடு 51.2 வீழ்ச்சி, உண்மை 49.5. ஒட்டித்தான் வருகிறது. தேயிலைக்கு மதிப்பீடு 162.6, உண்மை 148.9. இடைவெளி 14 ஆயிரம் ரூபாய், ஏனென்றால் பணம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வளைவு.

15 சதவீதத்தில் இது விளையாட்டில்லை. நேர்கோட்டுக் கணக்கு தேயிலையின் என்.பி.வி 30 ஆயிரம் நட்டம் என்கிறது, முழுக் கணக்கு ஏறக்குறையப் பூச்சியம் என்கிறது. அதாவது 15 சதவீதம்தான் அந்தத் திட்டத்தின் உள்ளக வருவாய் வீதம். கூடாரம் அதே 15இல் 142 ஆயிரம் வைத்திருக்கும், 22 சதவீதம் அளவுக்குப் போன பிறகுதான் பூச்சியமாகும்.

என் வழக்கம் இதுதான்: ஒரு புள்ளி மாற்றம் வரை டியூரேஷனை நம்புவேன், இரண்டுக்கு மேல் போனால் முழுக் கணக்கு. அப்படியானால் டியூரேஷன் எதற்கு என்று கேட்பீர்கள். புது வீதத்தில் எவ்வளவு விழுந்தது என்பதை முழுக் கணக்கு சொல்லும், ஏன் விழுந்தது, எந்த ஆண்டுப் பணத்தால் விழுந்தது என்பதைச் சொல்லாது. தவிர, சூத்திரத்தில் ஒரு வரி விடுபட்டிருந்தால் இரண்டு விடைகளும் ஒட்டாமல் நிற்கும், பிழை அங்கேயே பிடிபடும். முழுக் கணக்கின் வீழ்ச்சி மதிப்பீட்டைவிடக் கூடுதலாக வந்தால் உடனே தாளில் பிழையைத் தேடுங்கள். செலவு முன்னால், வரவு பின்னால் என்ற சாதாரணத் திட்டத்தில் அடிப்படை வீதத்துக்குப் பக்கத்தில் அப்படி வராது.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வீதம் மட்டும் ஏறி வரவு அப்படியே நிற்குமா? 2022இல் வட்டி ஏறியபோது ரூபாயும் விழுந்தது, டொலர் ஒன்று சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. ஏற்றுமதியாகும் தேயிலைக்கு ரூபாய் விலையும் கூடவே ஏறியது, பசளை விலையும் ஏறியது. வீதம் ஏறுவதற்குக் காரணம் பணவீக்கம் என்றால் வரவு நிரலையும் செலவு நிரலையும் திருத்தாமல் வீதத்தை மட்டும் தூக்குவது தேயிலையை அநியாயமாகத் தண்டிக்கும். உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் குடைமிளகாய்க்கு அந்த டொலர்த் துணை இல்லை, ஆனால் கூடாரத்துக்கு மாற்றும் பொலித்தீன் டொலரில்தான் வருகிறது. 1ஆம் படியில் எழுதச் சொன்ன அந்த ஒரு வரி இதற்காகத்தான்: வரவில் விலையேற்றம் இல்லையென்றால் வீதத்திலும் பணவீக்கத்தை எடுத்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

## 8. எத்தனை ஆண்டுக்கு ஏறுகிறது என்று கேளுங்கள்

இதுவரை செய்ததெல்லாம் வீதம் இன்றைக்கு ஏறி 12 ஆண்டும் அங்கேயே நிற்கும் என்ற எண்ணத்தில். டியூரேஷன் சூத்திரத்துக்குள் அந்த எண்ணம் ஒளிந்திருக்கிறது.

2022 ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 புள்ளி உயர்த்தியது. வைப்பு வசதி வீதம் 6.5இலிருந்து 13.5க்கு வந்தது. ஆனால் 2023 ஜூனிலேயே வீதங்கள் இறங்கத் தொடங்கிவிட்டன. அப்படியொரு ஏற்றத்தை 12 ஆண்டுக்கும் நீட்டிப் போட்டால் நீண்ட திட்டம் எதுவும் பிழைக்காது.

நம் தேயிலையில் பாருங்கள். 12இலிருந்து 18க்கு ஏறி அங்கேயே நிற்கிறது என்றால் என்.பி.வி 164 ஆயிரம் நட்டம். முதல் இரண்டு ஆண்டு மட்டும் 18, பிறகு மறுபடி 12 என்றால் 123 ஆயிரம் லாபம். இரண்டுக்கும் நடுவில் 287 ஆயிரம் ரூபாய், திட்டமோ அதேதான்.

இதைச் செய்ய D நிரலில் ஒரே அடுக்கை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரு வீதமாக F நிரலில் எழுதி, முந்தைய ஆண்டின் காரணியை அந்த ஆண்டு வீதத்தோடு 1ஐக் கூட்டி வகுத்துக்கொண்டே D14 வரை போங்கள்:

```
D2: =1
D3: =D2/(1+F3)
```

வங்கிக்குக் கொடுக்கும் தாளில் நான் கடைசியாக எழுதுவது மூன்று எண்கள்: ஒரு புள்ளிக்கு ரூபாய் வீழ்ச்சி, என்.பி.வி பூச்சியமாகும் வீதம், இரண்டாண்டு மட்டும் வீதம் ஏறினால் மிஞ்சும் என்.பி.வி. தேயிலைக்கு 81 ஆயிரம், 15 சதவீதம், 123 ஆயிரம். மூன்றாவதைப் பார்த்து "இது எதற்கு?" என்று கேட்ட அதிகாரியும் உண்டு, 2022இல் கடன் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் கேட்பதில்லை.